ரெண்டு டீமின்ர ஒட்ஸையும் நிகழ்தகவாக்கினா 104 வருது, எங்க பிழை?

கொக்குவில்பெடியன்: தெரிஞ்சாக்கள் ஆரும் சொல்லுங்கோ. ஸ்டாட்ஸ் அசைன்மென்டுக்கு ஒரு ஒருநாள் மட்ச்சின்ர ஒட்ஸ் எடுத்தனான், ஏ டீமுக்கு 1.60, பி டீமுக்கு 2.40. 1ஐ ஒட்ஸால பிரிச்சா நிகழ்தகவு எண்டாங்கள், பிரிச்சா 62.5 வீதமும் 41.67 வீதமும், கூட்டினா 104.17. டை, மழை எண்டா கட்டின காசு திரும்பி வருமாம், அப்ப அதுவும் இல்லை. மூண்டு தரம் கல்குலேட்டர் அடிச்சிட்டன், நாளைக்குக் குடுக்கோணும்.

நல்லூரான்: உம்மில பிழை இல்லை. கூடின 4.17 தான் புக்கிக்குப் போறது. ரெண்டையும் 104.17ஆல பிரிச்சு நூறால பெருக்கும், 60உம் 40உம் வரும், அதுதான் உண்மையான சான்ஸ்.

மாமான்ரமருமோன்: என்ர மாமா முந்திக் குதிரைக்குக் கட்டினவர், துண்டில 5/2 எண்டு கிடக்கும். அஞ்சில ரெண்டு, 40 வீதம் எண்டு சொல்லித்தான் கட்டுவார். தோத்ததுதான் மிச்சம். இதுவும் அப்பிடித்தானே?

சுண்டுக்குளிஅக்கா: மருமோன், 5/2 எண்டா 2 ரூபா கட்டினா 5 ரூபா லாபம். தோக்கிற பக்கம் 5, வெல்லுற பக்கம் 2, மொத்தம் 7. அப்ப 2/7, கிட்டத்தட்ட 28.6 வீதம். மட்ச் ஒட்ஸில கட்டின காசும் சேந்திருக்கும், 2 கட்டினா 7 கைக்கு வரும், அதால இதே குதிரை அங்க 3.50.

தம்பி, இப்ப உங்கட கணக்கு. ஏ டீமில 600, பி டீமில 400 விழுந்திருக்கெண்டு வையுங்கோ. ஏ வெண்டா 600 தர 1.60, 960 குடுக்கோணும். பி வெண்டாலும் 400 தர 2.40, அதே 960. ஆர் வெண்டாலும் ஆயிரத்தில 40 புக்கிக்கு, அதாவது 4 வீதம், நல்லூரான் சொன்ன 4.17 இல்லை. 60க்கு 40 சரியெண்டா நியாயமான ஒட்ஸ் 1.67உம் 2.50உம், அதில கட்டினா நீண்ட நாளில ரெண்டு பேருக்கும் லாபமுமில்லை நட்டமுமில்லை. 1.60இல 100 கட்டுறவருக்கு 0.6 × 60 − 0.4 × 100, சராசரியா 4 ரூபா நட்டம். பி பக்கமும் அதே 4.

கொக்குவில்பெடியன்: இப்ப விளங்குது அக்கா. ஆனா சனமெல்லாம் ஏ டீமுக்கே 900 கட்டினா?

சுண்டுக்குளிஅக்கா: ஏ வெண்டா 1440 குடுக்கோணும், 440 கையைக் கடிக்கும். பி வெண்டா 760 லாபம். 60க்கு 40ஆலயே நிறுத்துப் பாருங்கோ, சராசரி அதே 40 தான் வரும். ஆனா ஒரு மட்ச்சில 440 போறதெண்டா நித்திரை வராது, அதாலதான் காசு ஒரு பக்கம் சாய ஏ ஒட்ஸைக் குறைச்சு பி ஒட்ஸைக் கூட்டுறது.

நல்லூரான்: அப்ப ஒட்ஸ் சனத்தின்ர காசுக்கும் அசையுது, 60 எண்டது உண்மையோ?

சுண்டுக்குளிஅக்கா: அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். நீங்கள் கழிச்சது கூடுதலை ரெண்டு பக்கமும் ஒரே விகிதத்தில ஏத்தினவை எண்ட நினைப்பில. குதிரையில வெல்லுற சான்ஸ் குறைஞ்ச பக்கத்தில கூட ஏத்துறது வழமை, அப்பிடியெண்டா ஏ 60ஐ விடக் கொஞ்சம் கூட. எவ்வளவெண்டு ஒரு மட்ச்சை வைச்சுச் சொல்லேலாது. தம்பி, ஒட்ஸ் எடுத்த நேரத்தையும் எழுதுங்கோ.

மாமான்ரமருமோன்: மாமாட்ட 28.6 எண்டு சொன்னன். குதிரை நொண்டியெண்டா 40 என்ன 28 என்ன எண்டு ஏசுறார்.