கையில் கொடுக்கும் கடிதத்தின் மேல்பகுதி: ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார், அப்பாவின் காணி அனுமதிப்பத்திரப் பிரதி கேட்டு பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் டைப் பண்ணியிருக்கிறேன், தபாலில் போடாமல் திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். மேல்பகுதி இப்போது இப்படி இருக்கிறது, எல்லாம் இடது ஓரத்தில்:

```
இல. ..., ... வீதி,
திருகோணமலை.

(திகதி)

பிரதேச செயலாளர்,
பிரதேச செயலகம்,
பட்டினமும் சூழலும்,
திருகோணமலை.

ஐயா / அம்மணி,

காணி அனுமதிப்பத்திரப் பிரதி கோரல்
```

பெயரை மேலே போடவில்லை, கீழே கையொப்பத்துக்கு அடியில் வரும். உறையை எப்படியும் கிழித்து எறிவார்கள், பதில் அனுப்ப கடிதத்தில் உள்ள முகவரிதான் மிஞ்சும் என்பதால் அனுப்புநர் முகவரியை மட்டும் விடவில்லை.

குழப்பம் திகதியில். ஞாயிறே அச்சடிப்பேன், கொடுப்பது திங்கள். எந்தத் திகதி போடுவது? கொடுக்கும் நாள்தான் சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் பிரதியில் அவர்கள் அடிக்கும் திகதி முத்திரையோடு அது பொருந்த வேண்டுமே. 05.06 என்று எழுதினால் எது மாதம் என்று சந்தேகம் வரும், ஆகவே மாதத்தை எழுத்தில் போடுகிறேன்.

அப்புறம், பள்ளிக்கூடத்தில் விளிக்குப் பிறகுதான் தலைப்பு என்று படித்தோம். தம்பியோ தலைப்பு முதலில் வர வேண்டும் என்கிறான். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கோ. ‘நேரில் கையளிப்பு’ என்று திகதிக்குக் கீழே ஒரு வரி சேர்க்கவா, அது உறையில் மட்டும் போதுமா?