ஸ்டேஷன் வரைபடப் பலகையைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

போன வாரம் விடிகாலை 4 மணிக்கு அம்மாவோடு ஒரு பெரிய ஜங்ஷனில் இறங்கினேன். வரைபடப் பலகையில் ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ புள்ளிக்கு இடப்பக்கம் காத்திருப்பு அறை என்று இருந்தது. இடப்பக்கம் நடந்தால் பார்சல் ஆபீஸ்தான் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. திரும்பி வந்து பார்த்தபோதுதான் புரிந்தது: படத்தில் முதல் நடைமேடை மேலே இருக்கிறது, நிஜத்தில் அது என் முதுகுக்குப் பின்னால். அதனால் இடம் வலம் மாறிவிட்டது.

அப்புறம் விசாரணை கவுன்ட்டரில் கேட்டு க்ளோக் ரூமுக்குப் போனோம். பூட்டில்லாத பையை அங்கே வாங்கவில்லை.

தூக்கக் கலக்கத்திலும் பலகையின் திசையைச் சட்டென்று பிடிக்க நீங்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்? நடைமேடை எண்ணா, பிரதான வாசலா? படி ஏறாமல் போகும் பக்கத்து வாசலைப் படத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா? அடுத்த மாதம் மறுபடி போகிறோம், சொல்லுங்கள்.