ஜனவரி 26 கிராம சபை: புதுத் தலைவர் அக்கா பேசியது

வெளியூரில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், கிராம சபையையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்துவிட்டேன். 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் நமக்குத் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். புதுத் தலைவர் 2020 ஜனவரி 6ஆம் தேதி பதவியேற்றார். அவருக்கு இதுதான் முதல் சபை.

காலை 11 மணிக்குச் செயலர் தலை எண்ணினார்: 87 பேர். நம் ஊர் மக்கள்தொகைக்கு 100 பேர் இருந்தால்தான் சபை செல்லும். வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். நானும் கையெழுத்துப் போடப் போனேன். "தம்பிக்கு ஓட்டு இங்க இருக்கா?" என்று அக்கா கேட்டார். என் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்து நாளாகிவிட்டது. "அப்ப உக்காந்து கேளுங்க, கையெழுத்து வேண்டாம்" என்றார். வருத்தமில்லை, சரியான பேச்சு. 12 மணிக்குள் நூற்றைத் தாண்டிவிட்டது.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். கீழத்தெரு மருமகள், நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்து வருகைப் பதிவு எழுதியவர். அதற்குள் யாரோ கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரரைப் பார்த்து, "தலைவரே, தெருவிளக்கு எரியல" என்றார்கள். அக்கா கோபப்படவில்லை. "செக்குல நானும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடணும். அவருக்கு அதுல இடமில்ல. விளக்க என்கிட்ட சொல்லுங்க" என்றார். பின்வரிசையில் பெண்கள் பக்கம் சத்தம் எழுந்து அடங்கியது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தீர்மான நோட்டைப் பற்றி. டீ கொடுக்கும்போதே நோட்டைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் பல வருஷப் பழக்கம். மேலே பக்கம் வெறுமையாக இருக்கும், தீர்மானம் பிறகு அலுவலகத்தில் எழுதப்படும். கூட்டத்தில் யாருமே கேட்காத வேலைகூட அதில் ஏறிவிடும். பழைய நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது: கையெழுத்துகள் விரிந்து கிடக்கின்றன, அதற்கு மேலே தீர்மானத்தின் கடைசி வரிகளை நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அக்கா நோட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தீர்மானத்தையும் செயலர் அங்கேயே எழுதி, உரக்கப் படித்து, மீதி இடத்தில் குறுக்கே கோடு போட்டார். அதன் பிறகுதான் கையெழுத்து. இதனால் கூட்டம் இரண்டரை மணி வரை இழுத்தது. பாதிப் பேருக்குப் பசி, எரிச்சல்.

இடையில் மேலத்தெரு மாமா தன் பட்டாவில் அப்பா பெயர் தப்பாக இருப்பதைக் கால் மணி நேரம் சொன்னார். அது தாசில்தார் அலுவலக வேலை என்று சொன்னாலும் அவர் விடவில்லை. இளவட்டம் ஒருவர், "கிராம சபை தீர்மானம் போட்டா போதும், கண்மாயை நாளைக்கே தூர் வாரலாம்" என்றார். ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்தான் விளக்கினார். ஊருணி நம் ஊராட்சிக்குச் சொந்தம். கண்மாய் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள் இருப்பதால் ஒன்றியத்துக்குப் போகும். அதைவிடப் பெரிசென்றால் மாநில அரசுத் துறைக்கு. தீர்மானம் தேவைதான், ஆனால் அதற்குப் பிறகு மதிப்பீடு, அனுமதி, நிதி எல்லாம் வரிசையாக வரவேண்டும்.

ஊருணி பேச்சு வந்ததும், அதைத் தூர் வார நம் சங்கம் கொடுக்கவிருக்கும் பணத்தைப் பற்றியும் எடுத்தார்கள். துபாய் அண்ணன் போன வாரம் இந்தக் குழுவில் கேட்டிருந்தாரே, தலைவர் கணக்கில் அனுப்பலாமா என்று, அதையும் நான் கேட்டுவிட்டேன். "என் கணக்குக்கோ எங்க வீட்டுக்கோ ஒரு ரூபா அனுப்பாதீங்க. ஊராட்சிக் கணக்குல கட்டுங்க, ரசீது தர்றேன்" என்றார் அக்கா. பெரியவர் இதற்கு ஒப்பவில்லை. ஊராட்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டால் வேலை டெண்டருக்குப் போகும், வண்டலை எங்கே கொட்டுவது என்பதில்கூட நம் சொல் எடுபடாது. அனுமதி மட்டும் வாங்கிச் சங்கமே ஆள் வைத்துச் செய்யட்டும் என்கிறார். அப்படிச் செய்தால் அளவு பார்த்துச் சரி சொல்வது யார் என்று அக்கா திருப்பிக் கேட்டார். அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

எனக்கு அக்கா சொல்வதுதான் சரியென்று படுகிறது. ஆனால் பெரியவரின் பயமும் வீண் பயமில்லை. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு நாம் கொடுத்த பணம் என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். அடுத்த சபை மே 1. அதற்குள் ஊருணித் தீர்மானத்தில் எந்த வழியை எழுதச் சொல்வது என்று இங்கே பேசி முடிவெடுப்போம். ஊரில் ஓட்டு இருக்கும் அம்மா, அப்பா, தம்பி, தங்கைகளை அன்றைக்கு 11 மணிக்கே போகச் சொல்லுங்கள்.