அம்மா ‘இல்லை’ என்று சொன்ன பிறகும் பிள்ளையின் படம் தானாகப் பதிவாகிவிட்டது. எங்கே தவறு?

மாலை வகுப்பு டீச்சர்:
எங்கள் டியூஷன் பக்கத்தில் படங்கள் தினமும் தானாகப் பதிவாகும். பெற்றோர் படிவத்தில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று தரும் பதில் விரிதாளில் சேரும். 14-ஆம் எண் பிள்ளைக்கு முன்பு ‘ஆம்’ என்றிருந்த அம்மா, திங்கட்கிழமை மறுபடி நிரப்பி ‘இல்லை’ என்றார். வியாழக்கிழமை படம் போய்விட்டது. அவர் கூப்பிட்டுச் சொன்னதும் நீக்கினேன், மனசே சரியில்லை. சரிபார்க்கும் சூத்திரம் இது:

```
=VLOOKUP(A2, 'அனுமதி'!B:D, 3, FALSE)
```

படக்காரர்:
எல்லா முகத்தையும் மங்கலாக்கிவிடுங்கள், அனுமதியே தேவைப்படாது.

விரிதாள் பழக்கம்:
முகம் மறைந்தாலும் நோட்டில் இருக்கும் பெயர் தெரியும், கூடப் படிப்பவர்கள் சட்டையை வைத்தே கண்டுபிடிப்பார்கள். அந்த அம்மா மறுத்தது படத்தை, முகத்தை மட்டும் அல்ல.

டீச்சர், VLOOKUP மேலிருந்து தேடி முதலில் கிடைத்த வரிசையோடு நின்றுவிடும். படிவத்தின் புதுப் பதிலோ கடைசியில் சேரும். 14-க்கு இரண்டு வரிசை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கீழிருந்து தேடச் சொல்லுங்கள்:

```
=XLOOKUP(A2, 'அனுமதி'!B:B, 'அனுமதி'!D:D, "இல்லை", 0, -1)
```

பதிலே தராத பிள்ளைக்கும் இது ‘இல்லை’ என்றே காட்டும். பழைய வரிசையை அழிக்காதீர்கள். எந்தத் தேதியில் எந்த அனுமதி இருந்தது என்பதற்கு அதுதான் சான்று. அப்புறம், வாரத்துக்கான பதிவுகளைத் தானாக வெளியாகும்படி எப்போது போட்டு வைக்கிறீர்கள்?

மாலை வகுப்பு டீச்சர்:
ஆமாம், 9-ஆம் வரிசையில் ‘ஆம்’, 61-இல் ‘இல்லை’. பதிவுகளை ஞாயிறு இரவே மொத்தமாகப் போட்டுவிடுவேன்.

விரிதாள் பழக்கம்:
அப்படியானால் சூத்திரம் சரியாக இருந்திருந்தாலும் வியாழக்கிழமை படம் போயிருக்கும். ஞாயிறன்று பார்த்த ‘ஆம்’ திங்கட்கிழமை செல்லாது. வெளியிடும் நேரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். குழுப் படமென்றால் அதிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் எண்ணையும் குறித்து வையுங்கள். ஒருவருக்கு ‘இல்லை’ என்றாலும் முழுப் படமும் நிற்கட்டும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
எங்கள் வீட்டில் நான் ‘இல்லை’ என்றேன், அடுத்த வாரம் பிள்ளைகளின் அப்பா ‘ஆம்’ என்று நிரப்பினார். கடைசிப் பதில்தான் செல்லும் என்றால் என் பேச்சு என்ன ஆவது?

விரிதாள் பழக்கம்:
நீங்கள் சொல்வது சரி, நான் அதை யோசிக்கவில்லை. நிரப்பியவர் யார் என்றும் படிவத்தில் கேட்டு, ஒவ்வொருவரின் கடைசிப் பதிலையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் படம் போகக்கூடாது. அந்த மறுப்பை அவரே மாற்றலாம். நீதிமன்றம் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுத்திருந்தால் அதைச் சூத்திரம் அறியாது, டியூஷனில் ஒரு ஆள்தான் பார்க்க வேண்டும்.

மாலை வகுப்பு டீச்சர்:
மாற்றிவிட்டேன், 14 இப்போது ‘இல்லை’ என்று வருகிறது. என் கருவியில் வெளியிடும் நேரத்தில் சரிபார்க்க வழி இல்லை. அதனால் அன்றன்றைய படத்தை அன்றே பார்த்துப் போடுகிறேன். ஒருவர் தரவிறக்கி வேறு பக்கத்தில் போட்ட நகல் மட்டும் இன்னும் இருக்கிறது. நீக்கச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.