B 0.74 தான் வருகிறது, A 1.15. எங்கே தவறு? (டிரையாக்சியல்)

பந்திங்_தம்பி
வணக்கம், அவசரம். கேரித் தீவுப் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலைக்கு மண் மேடு போடப் போகிறார்கள். அதற்கான கடற்களிமண் சோதனையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்கிறேன். ஸ்கெம்ப்டனின் நீரழுத்தக் கெழுக்கள் B 0.74, A 1.15 என்று வருகின்றன. இரண்டையுமே மேலதிகாரி ஏற்கவில்லை. நாளைக்குள் அறிக்கை வேண்டும். உதவுங்கள்.

தோட்டத்து_அக்கா
தம்பி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தாய் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? மாதிரிக்குள் உள்ள நீருக்குக் கொடுத்த பேக் பிரஷர் எவ்வளவு?

மூத்த_பொறியாளர்
இதெல்லாம் முதலாம் ஆண்டுப் பாடம். நிலத்தடி நீருக்குக் கீழே எடுத்த களிமண் நீரால் நிறைந்தது, அதனால் B ஒன்று. ஒன்று என்றே போட்டுக் கணக்கு செய்யுங்கள். உங்கள் அளவி பழுதாக இருக்கும்.

பந்திங்_தம்பி
மன்னிக்கவும் அக்கா. பேக் பிரஷர் கொடுக்கவில்லை. 100 கிலோபாஸ்கலில் நீர் வடியவிட்டேன், மண்ணுக்குள் நீரழுத்தம் u பூஜ்ஜியம். அப்புறம் வால்வை மூடி, மாதிரியைச் சுற்றியுள்ள செல் அழுத்தத்தை 150 ஆக்கினேன், u 37 ஆனது. திறக்காமல் அப்படியே நசுக்கினேன். உடையும்போது கூடுதல் அச்சு அழுத்தம் 80, u 92. ஆக 92/80 = 1.15.

தோட்டத்து_அக்கா
இப்போது புரிகிறது. A பற்றி முதலில் சொல்கிறேன். 92-இல் 37 செல் அழுத்தத்தால் வந்தது. நசுக்கியதால் ஏறியது 55 மட்டும். இரண்டு கட்டத்தையும் சேர்த்து எழுதினால்:

```
Δu = B[Δσ3 + A(Δσ1 − Δσ3)]
92 = 0.74[50 + A × 80]
A ≈ 0.93
```

55/80 என்று மட்டும் போட்டால் 0.69 வரும். அது A அல்ல, A-யும் B-யும் பெருகிய எண். அறிக்கையில் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

மூத்த_பொறியாளர்
B ஒன்று என்றால் A 0.53 வரும். அதுதான் சரியான விடை.

தோட்டத்து_அக்கா
ஐயா, B ஒன்றாக இருந்திருந்தால் u 50 ஏறியிருக்கும். ஏறியது 37. அதை ஒதுக்கிவிட்டு 92-ஐ மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. மண் நிலத்தடியில் நிறைந்திருந்தது உண்மைதான். குழாயில் வெளியே எடுக்கும்போது அழுத்தம் விடுபட்டு, நீரில் கரைந்திருந்த வாயு குமிழாகிறது. ரப்பர் உறைக்கும் மண்ணுக்கும் நடுவிலும், நுண்துளைக் கல்லிலும், இணைப்புக் குழாயிலும் காற்று சிக்குகிறது. அது சுருங்கி, நீர் ஏற்க வேண்டிய பளுவில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

தம்பி, என் 0.93-ஐயும் அறிக்கையில் எழுதாதே. நசுக்கும்போது u ஏற ஏறக் காற்று கரைந்துகொண்டே போகும், B 0.74-இலேயே நிற்காது. சோதனையைத் திரும்பச் செய். குழாய்களில் காற்றை வெளியேற்றிவிட்டு, செல் அழுத்தம் பேக் பிரஷரைவிட எப்போதும் 10 மிகையாக இருக்கும்படி இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக ஏற்று. ஒவ்வொரு படியிலும் வால்வை மூடி B பார். 0.95 வந்தால் போதும்.

லோரி_செல்வம்
எனக்கும் இதே பிரச்சினை. எங்கள் மேட்டுக்கடியில் உள்ள நீரழுத்த மானி, இரண்டு வாரமாக மண் கொட்டாமலேயே ஏறுகிறது. பளு கூடாமல் அழுத்தம் எப்படிக் கூடும்? ஸ்கெம்ப்டன் 1954-இல் எழுதியது இங்கே செல்லாது என்றே நினைக்கிறேன்.

தோட்டத்து_அக்கா
அண்ணே, உங்களுடையது வேறு கேள்வி. பளு மாறிய கணத்தில், நீர் வடியும் முன் ஏறுவதைத்தான் அந்தச் சமன்பாடு சொல்கிறது. மானி முனை மண்ணோடு சேர்ந்து இறங்கியிருந்தால், 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் கூடுதலாகக் காட்டும். கடல் பக்கம் என்றால், ஒரே அலை நேரத்தில் எடுத்த அளவுகளா? எத்தனை மீட்டர் ஆழம்?

மூத்த_பொறியாளர்
களிமண் மெல்ல ஊர்ந்து நொறுங்கினாலும் ஏறும். மேடு சரிவதற்கு முன் அப்படி வருவதுண்டு. பக்கவாட்டு நகர்வைப் பார்க்காமல் மேலே கொட்டாதீர்கள்.

லோரி_செல்வம்
ஆழம் 6 மீட்டர். அலை நேரம் யாரும் குறிக்கவில்லை.

ஆய்வுக்கூட_மணி
தம்பிக்கு ஒன்று. வால்வை மூடிய பிறகு u ஒரு இடத்தில் நிற்கிறதா என்று சில நிமிடம் பார். நிற்காமல் செல் அழுத்தத்தை நோக்கி ஏறிக்கொண்டே போனால் ரப்பர் உறையில் ஓட்டை. அப்போது B அழகாக 1 காட்டும், ஏமாந்துவிடாதே. எனக்கு நடந்திருக்கிறது.

பந்திங்_தம்பி
புது மாதிரியில் 300 பேக் பிரஷர், B 0.97, u நின்றது. உடையும்போது A 0.81. அறிக்கைக்கு இரண்டு நாள் தவணை கிடைத்தது. நன்றி அக்கா, அண்ணே.

லோரி_செல்வம்
தாழ்வலை நேரத்தில் மட்டும் இன்று முதல் அளக்கிறோம். மண் கொட்டுவதை நிறுத்தியிருக்கிறோம்.