புதுப்பிப்பு: மகளின் பின்னலும் தலை அரிப்பும்

முன்பு கேட்டது: "தலையைக் கட்டம் கட்டமாக வகிடெடுத்துச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னும் பாக்ஸ் பிரெய்ட் போட்டு மூன்று வாரம். அவிழ்க்காமல் மகளின் தலையை அலசலாமா?" அரிப்புக்கு ஒருவர் தேங்காய் எண்ணெயும் இன்னொருவர் பேன் மருந்தும் பதிலில் சொல்லியிருந்தார்கள்.

அலசிவிட்டேன். கானாவில் பிறந்த என் மாமியார் சொன்னபடி, ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, கூர்மூக்குப் புட்டியால் வகிடுகளில் விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்தேன். பின்னலைக் கசக்கவில்லை, வழிந்த நுரையே போதுமானதாக இருந்தது.

தேங்காய் எண்ணெய் சொன்னவர் பாதி சரி. எண்ணெய் ஈரத்தைக் காக்கும், ஈரம் தராது. அதனால் முதலில் வகிட்டில் தண்ணீர் தெளித்து, பிறகு இரண்டு சொட்டு மட்டும் தடவினேன். பேன் மருந்து சொன்னவருக்கு: பேன் இல்லை.

உலர்த்துவதுதான் பெரிய வேலை. மேலே காய்ந்த பின்னலின் வேரை அழுத்தினால் விரலில் ஈரம் ஒட்டியது. அப்படியே கட்டினால் நாற்றம் பிடிக்கும்.

அரிப்பு தணிந்தது. காதோரம் மஞ்சள் செதில் போகவில்லை. அங்கே எண்ணெய் தடவாமல் தோல் மருத்துவரிடம் காட்டப் போகிறேன்.