கறுப்புத் தகட்டில் வெயிலின் அழுத்தம்: 9 வருகிறது, புத்தகத்தில் 4.5

குழம்பியவன்: பூமிக்கருகே விண்வெளியில் வெயிலின் செறிவு சதுர மீட்டருக்கு 1361 வாட். அதற்கான மின்புல வீச்சு மீட்டருக்கு ஏறக்குறைய 1013 வோல்ட். அழுத்தமும் ஆற்றல் அடர்த்தியும் ஒன்றுதானே என்று ε0·E0² போட்டால் 9.1 மைக்ரோபாஸ்கல் வருகிறது. முழுக்க உட்கவரும் தகட்டுக்கு 4.5 என்கிறது புத்தகம். எங்கே தப்பு?

சுருளி: கண்ணாடிக்கான விடையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கண்ணாடியில் ஒளி திரும்பிப் போவதால் உந்தம் இரட்டிப்பாக மாறும், 9 வரும். கறுப்பில் பாதி. இரண்டால் வகுத்தால் சரியாகிவிடும்.

பழைய வாத்தியார்: சுருளி, விடை சரி, காரணம் தப்பு. அவர் கணக்கில் கண்ணாடியே இல்லை. 1013 என்பது உச்ச வீச்சு, அதையே நேரம் முழுக்க இருப்பதாக எடுத்துக்கொண்டார். புலம் ஏறி இறங்குகிறது, அதன் வர்க்கத்தின் சராசரி உச்சத்தின் வர்க்கத்தில் பாதி. அலையின் ஆற்றலோட்டத்தைச் சொல்லும் பாயிண்டிங் வெக்டரின் சராசரியிலிருந்தே தொடங்கினால் இந்தக் குழியில் விழ மாட்டோம்:

```
<S> = E0²/(2·μ0·c) = 1361 W/m²
P = <S>/c = 4.5e-6 Pa
```

கண்ணாடியின் முன்னால் வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து சராசரி ஆற்றல் அடர்த்தி ε0·E0² ஆகிவிடுகிறது. அதனால்தான் 9.1 என்ற எண் இரண்டு இடத்திலும் தலைகாட்டுகிறது. தற்செயலாகப் பொருந்தியதை நம்பி, அடுத்த கணக்கில் உச்சத்துக்குப் பதில் வர்க்கச் சராசரியின் மூலமான rms மதிப்பு கொடுத்தபோதும் இரண்டால் வகுத்தீர்களானால் பாதிதான் கிடைக்கும்.

சுருளி: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலைக்கு நிறை கிடையாது, கறுப்புத் தகடு ஆற்றலை விழுங்கிச் சூடாகிறது, அப்புறம் எது தள்ளுகிறது? ஃபோட்டான் இல்லாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய வாத்தியார்: தாராளமாக. மின்புலம் தகட்டின் எலக்ட்ரானைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் மேல் காந்தப்புலம் செயல்படுகிறது, அந்த விசை ஒளி போகும் திசையில். எந்த இழப்பும் இல்லாமல் சும்மா ஆடும் எலக்ட்ரானின் வேகம் புலத்துக்குக் கால் சுற்று பின்தங்கி இருக்கும், அதனால் ஒரு பாதியில் முன்னே தள்ளியது மறு பாதியில் பின்னே இழுத்துச் சராசரி பூஜ்யமாகிவிடும். உட்கவரும் பொருளில் வேகத்தின் ஒரு பகுதி புலத்தோடு ஒத்துப் போகிறது. தகட்டைச் சூடாக்குவதும் அந்தப் பகுதிதான், முன்னே தள்ளப்படுவதும் அதுவேதான். ஒரு எலக்ட்ரான் வாங்கும் திறன் qvE, அதன் மேல் உள்ள விசை qvB, அலையில் B = E/c. ஆகவே விசை = உட்கவர்ந்த திறன் வகுத்தல் c. சூடும் தள்ளலும் ஒரே கையிருப்பைப் பங்கு போடவில்லை, அசையாத தகட்டில் விசை வேலையே செய்வதில்லை.

மொட்டைமாடி: இதெல்லாம் இருக்கட்டும், என்னிடம் அந்தக் கண்ணாடிக் குமிழ் விசிறி இருக்கிறது, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. வெயிலில் வைத்தால் கறுப்புப் பக்கம்தான் ஒளியிலிருந்து விலகி ஓடுகிறது. உங்கள் கணக்குப்படி பளபளப்புக்குத்தானே அதிகத் தள்ளல்? அப்படியானால் கணக்கே தப்பு!

பழைய வாத்தியார்: உங்கள் விசிறி ஒளியழுத்தத்தால் சுற்றவே இல்லை. குமிழில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது. கறுப்புப் பக்கம் அதிகம் சூடாகிறது, காற்று மூலக்கூறுகள் அந்த வெப்ப வேறுபாட்டில், முக்கியமாக இதழின் ஓரங்களில், தள்ளுகின்றன. காற்றை இன்னும் நன்றாக உறிஞ்சி எடுத்தால் நின்றுபோகும், ஒளியின் தள்ளல் அதன் ஊசிமுனை உராய்வைக்கூட வெல்லாது. இந்த விசிறியைக் கண்டுபிடித்த க்ரூக்ஸ் முதலில் ஒளியே தள்ளுகிறது என்றுதான் நினைத்தார். பிறகு மாஸ்கோவில் லெபெதெவ் மெல்லிய இழையில் இதழ்களைத் தொங்கவிட்டு அளந்து 1901-இல் வெளியிட்டபோதும் பெரிய தலைவலி இந்தக் காற்றுதான். ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகட்டில் வெயில் தருவது அரை மில்லிகிராம் எடைக்கும் கொஞ்சம் குறைவு. அவர் இதழ்களோ மிகச் சிறியவை, எதை அளந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

மொட்டைமாடி: சரி சார், ஆனால் கடைக்காரர் ஒளி தள்ளுகிறது என்று சொல்லித்தான் விற்றார்.

குழம்பியவன்: எனக்கு இன்னொரு சந்தேகம். சூடான தகடு அகச்சிவப்பை வெளியே விடுமே, அதுவும் தள்ளாதா?

பழைய வாத்தியார்: தள்ளும். மெல்லிய தகடு இரண்டு பக்கமும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டு தள்ளலும் கழிந்துபோகும், 4.5 மட்டும் நிற்கும். பின்பக்கம் வெப்பம் போகாமல் மூடியிருந்தால், எல்லாம் முன்பக்கமே எல்லாத் திசையிலும் சிதறி வெளியேறும், உள்ளே வந்ததில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளல் கூடுதலாகும். மொத்தம் 7.6 மைக்ரோபாஸ்கல்.

சுருளி: அதை ஒளியழுத்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது தகட்டின் உமிழ்வு. உட்கவர்ந்தது I/c, அதோடு முடிந்தது.

பழைய வாத்தியார்: விண்வெளியில் பறக்கும் தகட்டுக்கு உங்கள் தலைப்புப் பிரிப்பு தெரியாது, தம்பி. பாதையைக் கணக்கிடுபவர் இரண்டையும் சேர்த்தே ஆக வேண்டும்.

சுருளி: தேர்வில் சேர்த்தால் மதிப்பெண் போகும்.